நைராவில் லாபம், ரூபாயில் நஷ்டம்

2010ஆம் ஆண்டு பார்தி ஏர்டெல், ஜெயின் நிறுவனத்தின் ஆப்பிரிக்கத் தொலைபேசித் தொழிலை 1,070 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. கைக்கு வந்த 15 நாடுகளில் பெரிய சந்தை நைஜீரியா. அப்போது ஒரு டாலருக்குச் சுமார் 150 நைரா. 2024 பிப்ரவரியில் அதே டாலருக்கு 1,500 நைரா வரை கொடுக்க வேண்டியிருந்தது. 2024 மார்ச்சுடன் முடிந்த நிதியாண்டில், மாற்று விகிதம் மாறாதிருந்தால் என்று வைத்துப் பார்த்தால் ஏர்டெல் ஆப்பிரிக்காவின் வருவாய் 20 சதவீதத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. டாலரில் எழுதியபோது அது 5 சதவீதம் குறைந்திருந்தது. டாலர் கடன்களின் சுமை நைராவில் ஏறியதும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டு 8.9 கோடி டாலர் நஷ்டம். தொழில் படுத்துவிடவில்லை, நாணயம்தான் படுத்தது.

இத்தனை பெரிய நிறுவனத்துக்கு வந்தது, வெளிநாட்டில் ஒரு சின்ன ஆலை போட நினைப்பவருக்கும் வரும். முதலீட்டுக்கு முன்னால் போடும் கணக்கில் இதை எப்படிச் சேர்ப்பது? ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டே பார்ப்போம்.

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் ஒரு நிறுவனம், லாகோஸில் பம்புகளைப் பூட்டி விற்க ஒரு கூடம் அமைக்க எண்ணுகிறது. முதலீடு 10 கோடி ரூபாய். இன்றைய விகிதம் ரூபாய்க்கு 16 நைரா என்று வைத்துக்கொண்டால், 160 கோடி நைரா. செலவும் வரியும் போகக் கையில் நிற்கும் ரொக்கம் முதல் ஆண்டு 70 கோடி நைரா, இரண்டாம் ஆண்டு 90 கோடி, இயந்திரங்களை விற்றுக் கிடைப்பதையும் சேர்த்து மூன்றாம் ஆண்டு 130 கோடி. இந்த அளவு ஆபத்துள்ள தொழிலில் ஆண்டுக்கு 15 சதவீதமாவது கிடைக்க வேண்டும் என்பது முதலாளியின் எதிர்பார்ப்பு. அப்படியானால் அடுத்த ஆண்டு வரும் 115 ரூபாய், அவருக்கு இன்றைய 100 ரூபாய்க்குச் சமம். வரப்போகும் தொகைகளை எல்லாம் இப்படி இன்றைய மதிப்புக்குக் குறைத்து, போட்ட முதலைக் கழித்தால் மிஞ்சுவதே திட்டத்தின் நிகர மதிப்பு.

பலரும் செய்வது, மூன்று ஆண்டு வரவையும் இன்றைய 16 நைராவால் வகுத்துவிடுவது. அப்படிச் செய்தால் 4.38 கோடி, 5.63 கோடி, 8.13 கோடி ரூபாய் வரும். 15 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து முதலைக் கழித்தால் 3.40 கோடி ரூபாய் லாபம். எக்செல் தாளில் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த 70, 90, 130 என்ற ஏற்றம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி நைஜீரியாவின் விலைவாசியிலிருந்து. அங்கே பணவீக்கம் 26 சதவீதம், இங்கே 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 100 நைரா விற்றது 126 ஆகிறது. இங்கே 100 ரூபாய் விற்றது 105 ஆகிறது. இரண்டு நாணயங்களின் வாங்கும் சக்தியும் முன்போலவே ஒத்திருக்க, ரூபாய்க்கான நைரா 126க்கு 105 என்ற விகிதத்தில், அதாவது 1.2 மடங்கு ஏற வேண்டும். 16 நைரா அடுத்த ஆண்டு 19.20, அதற்கடுத்து 23.04, மூன்றாம் ஆண்டு 27.65. விலைவாசியால் பெருகும் வரவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே விலைவாசியால் தேயும் நாணயத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டதுதான் முதல் கணக்கின் பிழை.

புதிய விகிதங்களால் வகுத்தால் வரவு 3.65 கோடி, 3.91 கோடி, 4.70 கோடி ரூபாய். இன்றைய மதிப்பில் மொத்தம் 9.22 கோடிதான். போட்ட 10 கோடியில் 78 லட்சம் துண்டு விழுகிறது.

இதையே நைராவிலேயே போட்டும் சரிபார்க்கலாம். ரூபாயில் 15 சதவீதம் கேட்பவர், நைராவில் 1.15ஐ 1.2ஆல் பெருக்கி 38 சதவீதம் கேட்க வேண்டும். அந்த வீதத்தில் மூன்று வரவுகளையும் குறைத்தால் 147.45 கோடி நைரா, முதலைவிட 12.55 கோடி குறைவு. அதை இன்றைய 16ஆல் வகுத்தால் அதே 78 லட்சம். இரண்டு வழியும் ஒரே விடையைத் தராவிட்டால், உள்ளே எங்கோ நைரா வரவுக்கு ரூபாய் வட்டி வீதத்தைப் போட்டுக் கலந்திருக்கிறார்கள் என்று பொருள்.

இனி, கணிப்பு நிபுணர் ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். நைரா இவ்வளவு விழாது, ரூபாய்க்கான விகிதம் ஆண்டுக்கு 5 சதவீதம்தான் ஏறும் என்கிறார். அவர் சொல்லும் விகிதத்தைப் போட்டவுடன் 78 லட்சம் நஷ்டம் 2.10 கோடி லாபமாக மாறுகிறது. பம்பு ஒன்றுகூடக் கூடுதலாக விற்கவில்லை. இந்த 2.88 கோடி வித்தியாசம் முழுவதும் நைராமேல் கட்டிய பந்தயம். நிபுணர் சொல்வதை உண்மையாகவே நம்பினால், கூடம் கட்டி, ஆள் வைத்து, மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் ஓட்டி அல்லாட வேண்டாம். நைராவில் உயர்ந்த வட்டி தரும் அரசுப் பத்திரத்தை வாங்கிப் போட்டாலே போதும். ஆகவே என் கட்சி இதுதான்: முதலில் விலைவாசி வித்தியாசம் காட்டும் விகிதத்தில் திட்டம் தேறுகிறதா என்று பாருங்கள். நாணயக் கணிப்பால் வரும் லாபத்தைத் தனி வரியில் எழுதுங்கள். தொழிலின் லாபத்தோடு அதைக் கலக்கவே கூடாது.

விலைவாசி வழியில் வரும் விகிதமும் ஆண்டுக்கு ஆண்டு அப்படியே பலிக்காது. பல நாடுகளில் அரசு விகிதத்தைப் பிடித்துவைத்திருக்கும். பிடி தளரும்போது ஒரே பாய்ச்சலாக விழும். 2023 ஜூன் நடுவில் நைஜீரியா கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது, டாலருக்குச் சுமார் 470 ஆக இருந்த அதிகாரபூர்வ விகிதம் மாத முடிவுக்குள் 750ஐத் தாண்டியது. வரப்போகிறது என்பதற்கு அடையாளம் முன்பே இருந்தது. வெளிச்சந்தையில் டாலர் ஏற்கெனவே 700 நைராவுக்கு மேல் கைமாறிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளி அகலமாக இருக்கும் நாட்டில், அரசு விகிதத்தில் போட்ட திட்டக் கணக்கை நம்பக் கூடாது. அந்த விகிதத்தில் டாலர் கேட்டால் கிடைப்பதும் இல்லை. டிக்கெட் விற்ற பணத்தை வெளியே கொண்டுபோக முடியாமல்தான் எமிரேட்ஸ் நிறுவனம் 2022இல் நைஜீரிய விமானங்களையே நிறுத்தியது.

விகிதம் கடைசி வரியில் மட்டும் வேலை செய்வதும் இல்லை. நம் பம்பு 100 நைராவுக்கு விற்கிறது, அதில் 55 கோயம்புத்தூரிலிருந்து போகும் பாகங்களுக்கு, 25 உள்ளூர்ச் செலவுக்கு, மிச்சம் 20 என்று வையுங்கள். நைராவின் மதிப்பு பாதியானால் பாகங்களின் செலவு மட்டும் 110 ஆகிவிடும். விவசாயியிடம் விலையை ஒரே நாளில் இரட்டிப்பாக்க முடியாது. ரூபாயாக மாற்றுவதற்கு முன்பே நைராவிலேயே நஷ்டம். ஆகவே ஒவ்வொரு விகிதக் கணிப்புக்கும் 70, 90, 130 என்ற தொகைகளையே புதிதாகப் போட வேண்டும்.

வெளிநாட்டுத் திட்டத்தில் பங்கு கேட்டு யாராவது உங்களிடம் கணக்கு நீட்டினால், ஆண்டுவாரியாக எந்த மாற்று விகிதம் போட்டிருக்கிறார்கள், அந்த நாட்டின் பணவீக்கம் எத்தனை என்று கேளுங்கள். எல்லா ஆண்டுக்கும் ஒரே விகிதம் என்று பதில் வந்தால், கையெழுத்துப் போடாமல் கணக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.