பொடித்தால் கெடும் மாத்திரை

வலிப்புக்குத் தரும் சோடியம் வால்புரோயேட்டின் பெயருக்குப் பின்னால் சில அட்டைகளில் சி.ஆர். என்று இருக்கும். மருந்தைப் பல மணி நேரத்துக்குச் சிறிது சிறிதாக விடும்படி செய்த மாத்திரை அது. விழுங்கத் தெரியாத நான்கு வயதுக் குழந்தைக்கு அதைப் பொடித்துக் கொடுத்தால் அந்த ஏற்பாடு உடைந்துவிடும். மருந்து மொத்தமும் ஒரேயடியாக ரத்தத்தில் ஏறும். குழந்தை வாந்தி எடுக்கலாம், தூங்கி வழியலாம். அடுத்த வேளை வருவதற்குள் அளவு இறங்கிவிட்டால் வலிப்பு திரும்பலாம். இதே மருந்து 5 மி.லி.யில் 200 மி.கி. கொண்ட சிரப்பாகவும் வருகிறது. ஆனால் வேளைக் கணக்கு மாறுமென்பதால் டாக்டர்தான் மாற்றித் தர வேண்டும்.

எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்ற எழுத்துகளும் இதே எச்சரிக்கைதான். பான்டோபிரசோல் கதை வேறு: மேல்பூச்சு போனால் இரைப்பை அமிலமே மருந்தை அழித்துவிடும்.

பூச்சில்லாத சாதாரண மாத்திரையை, மருந்துக்கடையில் கேட்டு உறுதிசெய்தபின், இரண்டு கரண்டிகளுக்கு நடுவே நசுக்கலாம். ஆறிய கஞ்சி ஒரு ஸ்பூன் போதும். கிண்ணம் நிறையக் கலக்கி, குழந்தை பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டால், உள்ளே போன மருந்து எவ்வளவென்று அம்மாவுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.