எதிர்வீட்டுச் சுவரில் வெயில்

கட்டி முடிக்காத அடுக்ககங்களுக்கு விளம்பரப் படம் செய்து கொடுப்பது என் தொழில். பிரௌஷரில் நீங்கள் பார்க்கும் அந்தப் பளபள ஹால் எல்லாம் கணினியில் கட்டியதுதான். சென்னையில் ஒரு கட்டடத்துக்கு, எட்டாவது மாடியின் கிழக்கு பார்த்த பால்கனியைச் செய்திருந்தேன். ஹாலுக்குள் நின்று வெளியே பார்க்கிற காட்சி. தரையில் காலை வெயில், கைப்பிடிக் கம்பிகளின் நிழல், இரண்டு பிரம்பு நாற்காலிகள், பின்னால் ஊர். அச்சுக்குப் போகும் முன் சைட் மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

"வெயில் உள்ள வருதுன்னா சூரியன் எதுத்தாப்ல இருக்கு. அப்புறம் எப்படி தம்பி எதிர்வீட்டுச் சுவரு பளிச்சுனு இருக்கு?"

மாட்டிக்கொண்டேன். பின்னணிக்கு ஒட்டியிருந்த புகைப்படம் ஒரு மாலை நேரத்தில் எடுத்தது. அப்போது சூரியன் கேமராவின் முதுகுப்பக்கம் இருந்ததால், எதிரே இருந்த சுவர்கள் எல்லாம் பொன்னாக மின்னின. என் ஹாலிலோ காலை ஏழரை. ஒரே படத்தில் இரண்டு சூரியன்.

முழுவதையும் திரும்பச் செய்தேன். மார்ச் மாதக் காலை ஏழரைக்குச் சென்னையில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 20 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட நேர்கிழக்கில் இருக்கும். நான் பயன்படுத்தும் பிளெண்டர் மென்பொருளில் Sun Elevation என்ற இடத்தில் 20 என்று கொடுத்தால் வானமும் வெயிலும் சேர்ந்தே மாறும். சரிபார்க்கத் தாளும் பேனாவும் போதும். 1.1 மீட்டர் உயரக் கைப்பிடியின் நிழல் அந்தக் கோணத்தில் 3 மீட்டர் நீளும். பால்கனியின் அகலம் ஒன்றரை மீட்டர்தான். ஆகவே நிழலில் பாதி பால்கனித் தரையிலும் மீதிப் பாதி ஹாலிலும் விழ வேண்டும். நிழல் வாசற்படியோடு நின்றுவிட்டால் நேரம் ஏழரை அல்ல, ஒன்பதை நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

நாற்காலிகளும் மாறின. வெயில் எதிரே இருப்பதால் நம்மைப் பார்க்கும் பக்கம் மங்கி, பிரம்பின் ஓரங்களில் மட்டும் ஒளிக் கோடு ஓடும். நிழல் நம் காலடியை நோக்கி வரும். முதல் படத்தில் விளம்பரக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று நாற்காலியின் முன்பக்கத்தைத் தனி விளக்கு போட்டு வெளுப்பாக்கியிருந்தேன். அந்த விளக்கை அணைத்த பிறகுதான் நாற்காலி தரையில் உட்கார்ந்தது, அதுவரை மிதந்துகொண்டிருந்தது.

அடுத்தது ஊர். தூரத்துக் கட்டடங்களை மங்கச் செய்ய வேண்டும் என்றதும் பலர் அவற்றைக் கலங்கலாக்கி விடுவார்கள். அது கண்ணாடி போடாதவர் பார்வை. தூரத்துச் சுவரின் விளிம்பு ஓரளவு கூர்மையாகவே இருக்கும், மாறுவது கருமை. இடையில் உள்ள காற்று, அதிலும் கடலோர ஊரின் ஈரக் காற்று, வெளிச்சத்தைச் சிதறடித்து நம் பக்கம் அனுப்புகிறது. அதனால் 30 மீட்டரில் கறுப்பாகத் தெரியும் ஜன்னல், ஒரு கிலோமீட்டரில் வெளிர்சாம்பலாகிவிடும். வெள்ளைச் சுவரில் அவ்வளவு மாற்றம் தெரியாது. Mist Pass என்ற வசதி ஒவ்வொரு பொருளின் தூரத்தையும் குறித்துக் கொடுக்கும்; அந்த அளவுக்கு ஏற்ப ஒரு நிறத்தைக் கலக்க வேண்டும். தூய வெள்ளையைக் கலந்தால் மார்கழிப் பனி மாதிரி ஆகிவிடும். அடிவானத்தை ஒட்டிய வானத்தின் நிறத்தை அப்படியே எடுத்துக் கலப்பதே சரி. சூரியன் இருக்கும் திசை என்பதால் இங்கே அது சற்றே மஞ்சள் கலந்த வெண்மை.

பழைய புகைப்படத்தில் இன்னொரு தப்பும் இருந்தது. மேஸ்திரி அதைக் கவனிக்கவில்லை. அதை எடுத்தது ஒரு மூன்றாவது மாடி மொட்டைமாடியிலிருந்து. அடிவானம் எப்போதும் பார்ப்பவர் கண்மட்டத்தில்தான் நிற்கும். எட்டாவது மாடியில் நிற்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைவிடக் குட்டையான எந்தக் கட்டடமும் அடிவானத்தைத் தாண்டி எழக்கூடாது. நான்கு மாடி வீடுகளின் மொட்டைமாடியும், தண்ணீர்த் தொட்டியின் மூடியும், கொடியில் காயும் துணியும் மேலிருந்து தெரிய வேண்டும். என் படத்தில் அவை அண்ணாந்து பார்க்கும் கோபுரங்களாக நின்றன.

கேமராவை 1.1 மீட்டரில் வைக்கவும் ஆசைப்பட்டேன், உட்கார்ந்து பார்ப்பது போல இருக்கும் என்று. கைப்பிடியின் மேல்கம்பியும் அடிவானமும் ஒரே கோட்டில் ஒட்டிக்கொண்டு, ஊரே கம்பியில் காயப்போட்டது போல ஆனது. ஒன்றரை மீட்டருக்கு ஏற்றியதும் இரண்டும் பிரிந்தன.

கடைசியாக வெளிச்சத்தின் அளவு. நேர்வெயில் உள்ள வெளியிடம் வீட்டுக்குள்ளைவிடப் பல மடங்கு பிரகாசம். நம் கண் சமாளித்துக்கொள்ளும், கேமரா சமாளிக்காது. இரண்டையும் ஒரே அளவில் தெளிவாகக் காட்டினால் வெளியே இருப்பது ஊர் அல்ல, சுவரில் மாட்டிய காலண்டர். அதனால் வானத்தைக் கொஞ்சம் வெளுக்க விட்டேன். சோபாவுக்குப் பின்னால் எரிந்த மஞ்சள் விளக்கையும் அணைத்தேன். தரையில் விழுந்த வெயிலே எதிரொளித்துக் கூரையை வெளிச்சமாக்கியது.

புதிய படத்தை மேஸ்திரியிடம் காட்டினேன். எதிர்வீட்டுச் சுவர்கள் நிழலில் கிடந்தன. சிறிது நேரம் பார்த்துவிட்டு, "மத்தியானம் இந்த ஹால்ல லைட்டு போடணும்" என்றார்.