போட்டியாளரின் விளம்பரத்தைப் படிப்பது எப்படி?

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒரு நிறுவனம் இன்றைக்கு என்னென்ன விளம்பரம் ஓட்டுகிறது என்பதை, அந்த நிறுவனத்தைக் கேட்காமலே யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். மெட்டா நிறுவனத்தின் ‘ஆட் லைப்ரரி’ அதற்கான இடம். facebook.com/ads/library என்ற முகவரியில் போய் நாட்டைத் தேர்ந்தெடுத்து, போட்டியாளரின் பெயரையோ ஒரு சொல்லையோ தட்டினால் போதும். 2018இல் அமெரிக்க அரசியல் விளம்பரங்களை வெளிச்சத்தில் வைப்பதற்காகத் தொடங்கிய இந்தத் திட்டம், 2019இல் எல்லா விளம்பரங்களுக்கும் விரிந்தது. கூகுள் 2023இல் இதுபோன்ற ‘ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர்’ என்ற பக்கத்தைத் திறந்தது. தேர்தல் கால நேர்மைக்காகக் கட்டிய ஏற்பாடு, கடைக்காரர்களுக்குச் சந்தை பார்க்கும் ஜன்னலாகிவிட்டது.

ஜன்னலில் தெரியாதவை எவை என்பதை முதலில் அறிவது நல்லது. ஒரு விளம்பரத்துக்கு எவ்வளவு செலவானது, அதைப் பார்த்து எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது இந்தியாவில் ஓடும் சாதாரண வணிக விளம்பரங்களுக்குக் காட்டப்படுவதில்லை. ஓட்டம் நின்ற விளம்பரமும் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் கட்டாயப்படுத்துவதால், அங்கே ஓடியவை முடிந்த பிறகும் ஓராண்டு கிடைக்கும். நம் ஊரில் அந்த வசதி இல்லாததால், பார்த்த அன்றே படம் எடுத்து, விளம்பரத்தின் ‘Library ID’ எண்ணோடு சேர்த்து வைக்கவேண்டும்.

தெரிபவற்றில் மதிப்பு மிகுந்தது ‘Started running on’ என்ற வரி. அது விளம்பரம் தொடங்கிய தேதி. நான்கு மாதமாக ஒரு விளம்பரத்துக்குக் காசு கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அது நஷ்டம் தரவில்லை என்று ஊகிக்க இடமுண்டு. ஊகம்தான், சாட்சி அல்ல. ஒரு நாளைக்குச் சிறு தொகை கட்டிவிட்டு மறந்துபோனவர்களும் உண்டு; பெயர் பரவினால் போதும் என்று லாபம் பாராமல் ஓட்டும் பெரிய நிறுவனங்களும் உண்டு. நன்றாக ஓடிய விளம்பரத்தையே நகலெடுத்துப் புதிதாகப் போட்டால் தேதியும் புதிதாகிவிடும். ஆகவே தேதியை மட்டும் நம்பாமல், ஒரே பேச்சு வேறு வேறு படங்களில் திரும்பத் திரும்ப வருகிறதா என்றும் பார்க்கவேண்டும். பலன் தராத பேச்சுக்கு யாரும் ஐந்தாவது வீடியோ எடுப்பதில்லை. மாறாக, ஒரே நாளில் பத்து விளம்பரம் தொடங்கி, இரண்டு வாரத்தில் எட்டு காணாமல் போனால் அது சோதனை. தங்கிய இரண்டுதான் கவனத்துக்குரியவை.

கோயம்புத்தூரில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு சிறு நிறுவனத்தை வைத்துப் பார்க்கலாம். கற்பனை நிறுவனம்தான், ஆனால் இந்தத் தொழிலின் விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் நிலைமை பழக்கமாக இருக்கும். அது ஆறு போட்டியாளர்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு வரி எழுதிக்கொள்கிறது: தொடங்கிய தேதி, முதல் வாக்கியம், வாங்குபவரின் எந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்கிறது, அதற்கு என்ன ஆதாரம் காட்டுகிறது, என்ன சலுகை. தட்டினால் திறக்கும் பக்கத்தையும் பார்க்கவேண்டும். விளம்பரம் வாய் திறக்காத டெலிவரிக் கட்டணமும், குறைந்தபட்ச ஆர்டர் தொகையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பட்டியலைப் பார்த்தால் பேச்சு இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்று, ரீஃபைண்டு எண்ணெய் மீதான பயம். மற்றது, பாட்டி காலத்து மணம், மாடு சுற்றும் செக்கு. சலுகையோ கிட்டத்தட்ட எல்லாரிடமும் ஒன்றே: கடலை, எள், தேங்காய் எண்ணெய் மூன்றும் ஒவ்வொரு லிட்டர் சேர்ந்த காம்போ, டெலிவரி இலவசம்.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். காம்போ எல்லாரிடமும் இருக்கிறதே என்று தாங்களும் ஒரு காம்போ போட்டுவிடுகிறார்கள். அந்தச் சலுகை ஏன் அப்படி அமைந்தது என்று கேட்டால் கதை வேறு. ஒரு லிட்டரைத் தனியாக கூரியரில் அனுப்ப 80 ரூபாயும், மூன்று லிட்டரைச் சேர்த்து அனுப்ப 150 ரூபாயும் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தனி லிட்டரில் 80 ரூபாயாக விழும் செலவு காம்போவில் லிட்டருக்கு 50 ஆகிறது. தாராள மனசு என்று தோன்றுவது கூரியர் கணக்கு. சிறு பாட்டிலைக் குறைந்த விலைக்குத் தரும் போட்டியாளருக்கும் ஒரு கணக்கு உண்டு: முதல் விற்பனையில் இழப்பதை மூன்றாவது, நான்காவது ஆர்டரில் எடுத்துவிடுவார். திரும்ப வாங்குபவர்கள் எத்தனை பேர் என்றே தெரியாத கடை அதைப் பார்த்துச் செய்தால் இழப்பு மட்டும்தான் மிஞ்சும்.

நம் கோயம்புத்தூர் நிறுவனம் ஊருக்குள்ளேயே இரண்டு சக்கர வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறது. கூரியர் கணக்கு அதற்கு இல்லை. ஆகவே மூன்று லிட்டரைத் தலையில் கட்டவேண்டிய அவசியமும் இல்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை லிட்டர் என்று அதனால் தரமுடியும், வெளியூரிலிருந்து அனுப்புபவர்களால் அது கட்டாது.

சலுகை கிடைத்துவிட்டது, சொல்ல வேண்டிய பேச்சு எது? ஆட் லைப்ரரியில் அது கிடைக்காது. யாரும் பேசாத விஷயம் எது என்பதற்கான குறிப்பு மட்டுமே கிடைக்கும். அதை வாடிக்கையாளர்கள் எழுதும் விமர்சனங்களோடு ஒப்பிடவேண்டும். விற்பனைத் தளங்களில் ஒன்றிரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்கள் ‘அடியில் கசடு நிற்கிறது’, ‘இரண்டு மாதத்தில் காறிவிட்டது’ என்று எழுதியிருந்தால், அந்தக் கவலையைப் போட்டியாளர்களின் விளம்பரங்களில் யாராவது தொட்டிருக்கிறார்களா என்று பட்டியலில் பார்க்கலாம். ஒருவரும் தொடவில்லை என்றால் அதுதான் காலி இடம். கசடு ஏன் நிற்கிறது என்று விளக்கி, ஆட்டிய தேதியைப் பாட்டிலில் அச்சிட்டு, கெடுவதற்குள் தீரும் அளவு மட்டும் தருகிறோம் என்று சொல்லும் விளம்பரம் அங்கே பிறக்கிறது. அரை லிட்டர் சலுகையும் இந்தப் பேச்சும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

எழுத உட்காரும்போது போட்டியாளரின் விளம்பரம் கண்முன் இருக்கக்கூடாது. பட்டியலில் உள்ள ஒரு வரிக் குறிப்பு மட்டும் போதும். எழுதி முடித்த பிறகு நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டுப் போட்டியாளரின் பெயரை வைத்துப் படிக்கலாம். அப்போதும் பொருந்தினால் அது இன்னும் சொந்த விளம்பரம் ஆகவில்லை.

கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அது வெளிப்படும் வடிவத்துக்குத்தான் உண்டு என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆகவே கசடைப் பற்றிப் பேசும் எண்ணம் யாருக்கும் சொந்தமில்லை; ஒருவர் எழுதிய வாசகமும் எடுத்த வீடியோவும் அவருக்குச் சொந்தம். இந்திய விளம்பரத் தர மன்றமான ஆஸ்கியின் நெறிமுறை இன்னும் ஒரு படி போகிறது. அமைப்பு, வாசகம், முழக்கம், காட்சி, இசை இவற்றில் முன்பு வந்த வேறொருவர் விளம்பரத்தைத் திருடியதுபோல் தோன்றும் ஒற்றுமையே கூடாது என்கிறது.

போட்டியாளரின் உரிமைகோரலை எடுத்துக்கொள்வது எல்லாவற்றிலும் ஆபத்தானது. ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும்’ என்று ஓர் எண்ணெய் விளம்பரம் ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருக்கலாம். அது சட்டத்துக்கு உட்பட்டது என்பதற்கு ஆட் லைப்ரரி சான்று அல்ல. இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை என்பதாகவும் இருக்கலாம். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகள் தடுக்கின்றன. நகலெடுத்தவருக்கு நோட்டீஸ் வந்தால், முதலில் சொன்னவர் வேறொருவர் என்பது பதிலாகாது.