அனுப்பும் முன்பே படித்துவிடுவார்கள்

அலுவலகக் கூட்டம் கூகுள் மீட்டில் நடக்கிறது. கணக்காளர் தன் திரையைப் பகிர்ந்து செலவுப் பட்டியலைக் காட்டுகிறார். நடுவே ஒரு ஊழியர், “சார், சம்பளம் எந்த அக்கவுண்டுக்குப் போட்டீங்க?” என்று தனியாக மெசேஜ் அனுப்புகிறார். கணக்காளர் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து கணக்கு எண்ணைத் தட்டுகிறார். இன்னும் அனுப்பவில்லை, ஆனால் கூட்டத்தில் இருக்கும் அத்தனை பேரும் படித்தாயிற்று. உடனே அழித்தாலும், கூட்டம் பதிவாகிக்கொண்டிருந்தால் எண் அதில் இருக்கும்.

கோளாறு, பகிரத் தொடங்கும்போது முழுத் திரையைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. அப்படிச் செய்தால் மூலையில் எட்டிப்பார்க்கும் அறிவிப்புகூட எல்லோருக்கும் தெரியும். பட்டியல் இருக்கும் ஜன்னலை மட்டும் பகிர்ந்தால் வேறு செயலிகள் பொதுவாகத் தெரியாது. ஒரு சிக்கல்: பிரௌசர் ஜன்னலைப் பகிர்ந்துவிட்டு அதிலேயே வேறு டேபுக்குப் போனால் அதுவும் தெரியும். பட்டியல் பிரௌசரில் இருந்தால் அந்த டேபை மட்டும் பகிர்வதே நல்லது. ஜூமில் பகிரப்படும் பகுதியைச் சுற்றிப் பச்சைக் கோடு ஓடும். அதைப் பார்த்துவிட்டுத் தட்டலாம்.

போனில் திரையைப் பகிர்வது இன்னும் வம்பு. ஓடிபி வந்தால் மேலே பளிச்சென்று தெரிந்துவிடக்கூடும். பதிலைப் பகிர்வை நிறுத்திவிட்டே எழுதுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.