வாடகை கொடுத்தாச்சு... வந்துச்சா?

தென்காசியில நாங்க மூணு பேர் ஒரு வீட்டுல இருந்தோம். மாச வாடகை 7,500, அட்வான்ஸ் 22,500. போன ஏப்ரல்ல காலி பண்ணும்போது ஓனர் அண்ணாச்சி 20,000 தான் திருப்பிக் கொடுத்தார். "ஜூலை மாசம் 2,500 வரலையே தம்பி" என்றார்.

ரெண்டு பேர் ஜிபேல அனுப்பியிருந்தோம், அது போன்ல இருந்தது. மூணாவது ஆள் ரொக்கமா கொடுத்திருந்தான். அண்ணாச்சிக்குக் குற்றாலத்துல கடை. சீசன் கூட்டத்துல, வியாபாரத்துக்கு நடுவுல வாங்கி கல்லாவில போட்டிருப்பார். அவர் பொய் சொல்லல, எங்க பையனும் பொய் சொல்லல. ஒன்பது மாசம் கழிச்சு யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?

இப்போ புது வீட்டுல மாசாமாசம் ஒரே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்புறோம். அன்னைக்கே இதைச் செய்திருந்தா இப்படி இருந்திருக்கும்:

"ஜூலை மாச வாடகை 7,500. ஜிபே 5,000 (4-ம் தேதி), ரொக்கம் 2,500 (5-ம் தேதி, கடையில). பழைய பாக்கி இல்லை. வந்துச்சான்னு சொல்லுங்க அண்ணாச்சி."

இதுல முக்கியம், எந்த மாசத்துக்கான பணம் என்பது. ஜிபே ஸ்கிரீன்ஷாட் பணம் போன தேதியைத்தான் காட்டும். அது ஜூன் பாக்கியா, ஜூலை வாடகையா, கரண்ட் பில்லா என்று அதுக்குத் தெரியாது. கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை வரும், அதனால அதைத் தனி மெசேஜா போடுங்க. வாடகையோட சேர்த்தா கணக்கு குழம்பும்.

அடுத்தது பதில். கட்டைவிரல் எமோஜி போதாது. "பார்த்தேன்" என்றும் அர்த்தம், "வாங்கிட்டேன்" என்றும் அர்த்தம். உங்க மெசேஜுக்கே ரிப்ளையா, "ஜூலை 7,500 வந்துச்சு, பாக்கி இல்லை" என்று தொகையோட வரணும். வரலைன்னா ரெண்டு நாள்ல ஒரு போன் போடுங்க. அண்ணாச்சி "5,000 தானே வந்துச்சு" என்று சொன்னாலும் நல்லதுதான். அந்த வாரமே கடையில போய்ப் பேசினா ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கும். இந்தப் பழக்கத்தோட மொத்தப் பயனும் அதுதான்.

குறைச்சுக் கொடுத்த மாசம், "500 பாக்கி" என்று எழுதி, அடுத்த மாச மெசேஜை அந்த 500-ல இருந்து ஆரம்பிங்க. உங்க அப்பா வீட்டை வாடகைக்கு விட்டிருந்தா, அவரும் இதையே அனுப்பலாம்: "ஆகஸ்ட் வாடகை இன்னும் வரல."

அந்த சாட்ல தானா மெசேஜ் அழியுற செட்டிங்கை ஆஃப் பண்ணி வைங்க. போன் தொலைஞ்சா கணக்கும் தொலையும், அதனால சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி மெயில்ல ஒரு காப்பி வைங்க.

இது வாடகை ஒப்பந்தத்துக்கோ ரசீதுக்கோ மாற்று இல்லை. தமிழ்நாட்டோட 2017 வாடகைச் சட்டப்படி, கொடுத்த பணத்துக்குக் கையெழுத்துப் போட்ட ரசீது கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ரொக்கமா கொடுக்கிற மாசமாவது கேட்டு வாங்குங்க. நாங்க கேட்கல, 2,500 போச்சு.