தெளிந்த நீரில் கரைந்திருக்கும் உப்பு

திருப்பூரில் சாயப்பட்டறைகள் பெருகிய காலத்தில் நொய்யலில் ஓடிய தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே ஊர்க்காரர்கள் அன்று எந்தச் சாயம் ஓடியது என்று சொல்லிவிடுவார்கள். நிறத்தை எடுக்கச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் கலந்தார்கள். சாயமும் அழுக்கும் திரண்டு சேறாக அடியில் இறங்கின, மேலே நின்ற தண்ணீர் முன்பைவிடத் தெளிந்திருந்தது. ஆனால் அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த ஒரத்துப்பாளையம் அணையின் நீரைப் பயிருக்குப் பாய்ச்ச முடியவில்லை. சுற்றுவட்டாரக் கிணறுகளும் உப்பேறின. விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றியது.

தெளிந்த பின்னும் அந்த நீர் ஏன் பயிரைக் கெடுத்தது? கழிவுநீரில் இருக்கும் திடப்பொருள் இரண்டு வகை. ஒன்று நீரில் மிதந்தும் தொங்கியும் நிற்கும் துகள். பஞ்சுத் தூசி, மண், திரண்ட சாயம், நுண்ணுயிர்க் கட்டிகள் எல்லாம் இதில் சேரும். ஆய்வுக்கூடத்தில் இதை டிஎஸ்எஸ் என்பார்கள். மற்றொன்று நீரோடு நீராகக் கரைந்துவிட்ட பொருள். அது டிடிஎஸ். முதலாவதைக் கண் காணும், இரண்டாவதைக் காணாது. சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்தால் துகள் போகும், கரைந்த உப்பு அப்படியே நிற்கும். போட்ட சுண்ணாம்பிலும் சல்பேட்டிலும் ஒரு பகுதி கரைந்து, அந்த உப்பு இன்னும் கொஞ்சம் கூடவும் செய்யும்.

சாயநீரில் இவ்வளவு உப்பு வரக் காரணம் பருத்தி. நீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது. திருப்பூரில் அதிகம் பயன்படும் ரியாக்டிவ் சாயமும் அதே தன்மை கொண்டது. இரண்டும் ஒன்றை ஒன்று விலக்கும். அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளத்தான் சாயத்தொட்டியில் சாதாரண உப்போ கிளாபர் உப்போ போடுகிறார்கள். லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் போகும். சாயம் துணியில் ஏறும், உப்பு ஏறாது. தொட்டியில் கொட்டிய உப்பு அத்தனையும் கழிவோடுதான் வெளியேற வேண்டும்.

இந்த இரண்டையும் பிரித்து அளக்கும் முறை பழையது, எளியது. வடிகட்டு, காயவை, எடை போடு. ஆனால் ஒவ்வொரு படியிலும் கை கொஞ்சம் அசந்தால் எண் மாறிவிடும். ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர் மாதிரியை வைத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வடிதாளில் நின்றது

முதலில் வடிதாள். இதற்குக் காபி வடிக்கும் காகிதத்தாள் உதவாது. நுண்ணிய கண்ணாடி இழைகளால் ஆன வட்டத்தாள் வேண்டும். அதன் துளை 2 மைக்ரானுக்கு மேல் இருக்கக்கூடாது. 1 மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தாளிலிருந்து உதிரும் இழைத்துணுக்குகள் போக, முதலில் காய்ச்சி வடித்த நீரால் அதைக் கழுவி, ஓவனில் 103 முதல் 105 டிகிரி செல்சியஸில் உலர்த்துவார்கள். பிறகு டெசிக்கேட்டரில் வைத்து ஆறவிட்டு எடை போடுவார்கள். டெசிக்கேட்டர் என்பது அடியில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்ட, இறுக மூடிய கண்ணாடிக்கலம். சூடாகவே தராசில் வைத்தால் மேலெழும் வெப்பக்காற்று தட்டைத் தூக்கி எடையைக் குறைத்துக் காட்டும். திறந்த வெளியில் ஆறவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து எடை கூடும். இரண்டுக்கும் இடம் கொடுக்காமல் இருக்கத்தான் டெசிக்கேட்டர்.

நம் கணக்கில் அலுமினியத் தட்டோடு சேர்த்துத் தாளின் எடை 1.2846 கிராம். கிராமின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் தராசு இதற்கு வேண்டும்.

இனி மாதிரி. பாட்டிலை அசைக்காமல் வைத்திருந்தால் கனமான துகள் அடியில் உட்கார்ந்துவிடும். மேலாக அள்ளினால் எண் குறையும், அடியில் அள்ளினால் கூடும். அதனால் நன்றாகக் குலுக்கி, கலக்கிக்கொண்டிருக்கும்போதே வாய் அகன்ற பிப்பெட்டால் அளந்து எடுக்க வேண்டும். அப்படி 100 மில்லி எடுத்து, வெற்றிடப் பம்பு இழுக்க, தாள் வழியாக வடிக்கிறோம். பிறகு தாளைச் சிறிது சிறிதாகக் காய்ச்சி வடித்த நீர் விட்டு மூன்று முறை கழுவுகிறோம். ஒரு மணி நேரம் 105 டிகிரியில் உலர்த்தி, ஆறவிட்டு எடை போட்டால் 1.3031 கிராம். வித்தியாசம் 0.0185 கிராம், அதாவது 18.5 மில்லிகிராம். 100 மில்லியில் 18.5 என்றால் லிட்டருக்கு 185 மில்லிகிராம்.

அந்த மூன்று முறைக் கழுவல்தான் சாயநீரில் பலரும் தவறவிடும் இடம். வடித்து முடித்ததும் ஈரத்தாளில் அரை மில்லி தண்ணீர் தங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். இந்த நீரில் லிட்டருக்கு 6,260 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது, அதை அடுத்த படியில் பார்ப்போம். அரை மில்லியில் 3 மில்லிகிராமுக்குச் சற்று மேல் உப்பு. கழுவாமல் காயவைத்தால் அது தாளிலேயே படிந்து துகளின் கணக்கில் ஏறும். முடிவு லிட்டருக்கு 31 மில்லிகிராம் கூடிவிடும். துகள் உண்மையில் 80 உள்ள நீர் 111 என்று காட்டும். சட்ட வரம்பு 100 என்னும்போது, குற்றமில்லாதவர் குற்றவாளியாகிறார். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதே மாதிரியைக் கூடுதலாக இரண்டு முறை கழுவி மறுபடி அளந்து பார்ப்பது. எண் இறங்கினால் முன்பு கழுவியது போதவில்லை.

கிண்ணத்தில் எஞ்சியது

கரைந்ததை அளக்க, மாதிரியில் தனியாக 25 மில்லி எடுத்து அதேபோன்ற தாளில் வடிக்கிறோம். வடிந்த நீரும் தாளைக் கழுவிய நீரும் சேர்த்து, முன்பே உலர்த்தி எடை போட்ட பீங்கான் கிண்ணத்தில் ஊற்றுகிறோம். கொதித்துத் தெறிக்காமல் மெல்ல ஆவியாக்கி, பின் 180 டிகிரியில் உலர்த்துகிறோம். வெறுங்கிண்ணம் 62.4173 கிராம், உலர்ந்த பின் 62.5738 கிராம். எஞ்சியது 156.5 மில்லிகிராம். இதை 40 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 6,260 மில்லிகிராம்.

ஏன் 25 மில்லி மட்டும்? நிறைய எடுத்தால் துல்லியம் கூடும் என்றுதான் முதலில் தோன்றும். இங்கே அது தலைகீழ். 100 மில்லி எடுத்திருந்தால் கிண்ணத்தில் 626 மில்லிகிராம் உப்பு தடித்த படலமாக இறுகும். அதன் அடியில் தண்ணீர் சிறைப்பட்டு, ஓவனில் எத்தனை நேரம் வைத்தாலும் வெளியேறாது. அதனால்தான் எஞ்சுவது 200 மில்லிகிராமைத் தாண்டாதபடி மாதிரியின் அளவைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று முறைநூல்கள் சொல்கின்றன.

துகளுக்கு 105 டிகிரி, கரைந்ததற்கு 180 டிகிரி. இந்த வேறுபாட்டுக்கும் காரணம் உண்டு. உப்புப் படிகங்கள் தண்ணீரைத் தங்களுக்குள் பிடித்துவைக்கும், 105 டிகிரியில் அதை எளிதில் விடா. 180 டிகிரியில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் வேறொரு இழப்பு நேரும். நீரிலுள்ள பைகார்பனேட் சூட்டில் கார்பனேட்டாக மாறி, தன் எடையில் ஏறக்குறைய பாதியைக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் இழக்கும். ஆக, கிண்ணத்தில் எஞ்சும் எடை நீரில் கரைந்திருந்ததன் அச்சுப்பிரதி அல்ல. குறிப்பிட்ட சூட்டில் எஞ்சியது என்றே அதைக் கொள்ள வேண்டும். வெப்பநிலையைச் சொல்லாத டிடிஎஸ் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. வடிதாளுக்கும் இதே கதைதான். துளையைவிடச் சிறிய சாயத்துகள் தாளைக் கடந்து போய்க் கரைந்ததாகவே கணக்கில் சேரும். துளையின் அளவு மாறினால் இரண்டு வகைக்கும் இடையிலான கோடும் நகரும்.

ஒரு முறை உலர்த்தியதோடு வேலை முடிவதில்லை. உலர்த்தி, ஆறவிட்டு, எடை போட்டு, மறுபடி உலர்த்த வேண்டும். அடுத்தடுத்த இரண்டு எடைக்கும் உள்ள வேறுபாடு அரை மில்லிகிராமுக்குள் வந்த பிறகுதான் எண்ணை எழுதலாம். எடை இறங்கிக்கொண்டே போனால் ஈரம் இன்னும் இருக்கிறது. தராசில் இருக்கும்போதே எடை ஏறினால் உப்பு காற்றின் ஈரத்தைக் குடிக்கிறது. கால்சியம், மெக்னீசியம் குளோரைடுகள் மிகுந்த நீரில் இது கண்கூடாகத் தெரியும்.

கையடக்கக் கருவி எங்கே உதவும்

வீட்டுக் குடிநீருக்குப் பயன்படும் சிறு டிடிஎஸ் மீட்டர் உப்பை எடை போடுவதில்லை. நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. பெருக்கும் எண் எந்த உப்பு என்பதைப் பொறுத்து மாறும். குளோரைடுக்குப் பொருந்துவது சல்பேட்டுக்குப் பொருந்தாது. மின்னூட்டமில்லாத சர்க்கரை, யூரியா போன்றவை எவ்வளவு கரைந்திருந்தாலும் மீட்டருக்குத் தெரியாது. ஆனாலும் எடைக்கணக்கைச் சரிபார்க்க அது நல்ல துணை. நம் மாதிரியின் மின்கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 9,800 மைக்ரோசீமன்ஸ் என்றால், 6,260ஐ அதனால் வகுக்க 0.64 கிடைக்கும். பெரும்பாலான நீருக்கு இந்த விகிதம் 0.55க்கும் 0.7க்கும் இடையில் இருக்கும். 0.9 வந்தால் கிண்ணத்தில் ஈரம் மிஞ்சியதா, தாள் கிழிந்து துகள் இறங்கியதா, மின்னூட்டமில்லாத பொருள் நிறைய கரைந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

எண்ணும் சுமையும்

உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் டிஎஸ்எஸ் 100க்குள்ளும் டிடிஎஸ் 2,100க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக நடப்பிலிருக்கும் வரம்பு. நம் மாதிரி இரண்டிலும் தேறவில்லை. துகளைப் பொறுத்தவரை வழி எளிது. தெளியவைத்து வடிகட்டினால் 185 என்பது வரம்புக்குள் இறங்கிவிடும். உப்பைப் பொறுத்தவரை ஒரு குறுக்கு வழி கண்ணில் படும். நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் கழிவு வருகிறது, அதோடு உப்பே இல்லாத நீர் 20 லட்சம் லிட்டரைக் கலந்தால் டிடிஎஸ் 2,087 ஆகிவிடும். அறிக்கை தேறும். ஆனால் கலப்பதற்கு முன்பு ஆற்றுக்குப் போன உப்பு நாளொன்றுக்கு 6,260 கிலோ, கலந்த பிறகும் அதே 6,260 கிலோ. அணையில் தேங்கி, வெயிலில் நீர் ஆவியாகும்போது அந்த உப்பு அத்தனையும் அங்கேயே மிஞ்சும். கிண்ணத்தில் நடந்ததுதான் ஒரத்துப்பாளையத்திலும் நடந்தது.

எனவே டிடிஎஸ் எண் ஒன்றைப் பார்த்தால், அன்றாடம் வெளியேறும் நீரின் அளவையும் கேட்டு வாங்கி இரண்டையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். இன்று திருப்பூர்ச் சாயநீருக்குச் சொட்டும் வெளியே விடாத முறை கட்டாயமாக இருப்பதன் காரணம் இந்தப் பெருக்கலில் இருக்கிறது. சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்து மறுபடி சாயமேற்ற எடுத்துக்கொள்கிறார்கள். எஞ்சும் உப்புக் கரைசலை ஆவியாக்கி உப்பைத் திடமாகவே வெளியே எடுக்கிறார்கள். இதற்கு மின்சாரமும் எரிபொருளும் ஏராளம் செலவாகும். ஆனால் வடிதாளைத் தாண்டிப் போன உப்பை ஆற்றுக்குப் போகாமல் நிறுத்த, வேறு எந்தத் தெளியவைக்கும் தொட்டியாலும் முடியாது.