"நான் பொய் சொல்லல சார்"

குறைதீர்ப்பு மேசை – 9

புகாரைப் பதிவு செய்வது எப்படி என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அதற்குப் பதில் எழுதும் வேலை. பயிற்சி வகுப்புகளில் நான் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் புகார் ஒன்று உண்டு. யார், எந்த ஊர் என்று தெரியாதபடி மாற்றி வைத்திருக்கிறேன். வங்கிகளுக்கு இந்த மாதிரிக் கடிதங்கள் புதிதல்ல.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஏ.டி.எம்.ல 10,000 ரூபா எடுக்கப் போனேன். உள்ள பணம் எண்ணுற சத்தம் கேட்டுது, ஆனா பணம் வெளிய வரல. எடுத்ததா போனுக்கு மெசேஜ் மட்டும் வந்துடுச்சு. பொண்ணுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்டத் திங்கக்கிழமை கடைசி நாள். பேங்க்ல போய்க் கேட்டா, நல்லாப் பாத்தீங்களா, பின்னாடி நின்னவங்க யாராவது எடுத்திருப்பாங்கன்னு சொல்றாங்க. நான் பொய் சொல்லல சார்."

சனிக்கிழமை மதியம் அவருக்குப் போன பதில் இது: "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம். தங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியமானது. அது உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது. விரைவில் தீர்வு காணப்படும். தங்கள் பொறுமைக்கு நன்றி."

இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் இதே பதிலை, ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், காசோலைப் புத்தகம் வரவில்லை என்று எழுதியவருக்கும் அனுப்பலாம். கடன் வட்டியைத் தவறாகக் கணக்கிட்டுவிட்டார்கள் என்று எழுதியவருக்கும் அனுப்பலாம். பதில் வெறுமையாகத் தோன்றுவது அதனால்தான். அந்த அம்மா எழுதிய ஆறு வாக்கியங்களில் ஒன்றைக்கூட யாரும் படித்ததற்கு அடையாளம் அதில் இல்லை. போதாக்குறைக்கு, பதறிப்போய் எழுதியவரின் பொறுமைக்கு நன்றி வேறு.

இப்படி எழுதுகிறவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று நான் நினைக்கவில்லை. பல கால் சென்டர்களில் ஊழியரின் ஒவ்வொரு அழைப்புக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். அந்த மதிப்பெண் தாளில் 'அனுதாப வாக்கியம் சொன்னாரா' என்று ஒரு கட்டம் இருக்கும். சொன்னால் மதிப்பெண், சொல்லாவிட்டால் கழிவு. எதிரில் இருப்பவர் சொன்னதைக் கேட்டாரா என்பதை அந்தக் கட்டம் காட்டாது. ஒரு அழைப்பைச் சராசரியாக இத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்ற கணக்கும் தலைக்கு மேல் இருக்கிறது. அந்த நெருக்கடியில் மனப்பாட வாக்கியம்தான் கைகொடுக்கும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷைல்ட் 1983-ல் வெளியிட்ட 'தி மேனேஜ்டு ஹார்ட்' என்ற நூலில் விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்தார். உள்ளே இல்லாத உணர்ச்சியை முகத்தில் மட்டும் வரவழைப்பதை 'மேலோட்ட நடிப்பு' என்று அவர் பிரித்துக் காட்டினார். நாள் முழுக்க உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாக இருப்பவர் களைத்துப்போகிறார். மனப்பாட வாக்கியத்தால் நொந்துபோவது புகார் செய்தவர் மட்டுமல்ல, அதைச் சொல்கிறவரும்தான்.

அந்தக் கடிதத்துக்கே வருவோம். பதில் எழுதுகிறவர் அதை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை, என்ன நடந்தது என்பதற்காக: தேதி, நேரம், தொகை, எந்த இயந்திரம். இரண்டாவது முறை, அது அவருக்கு என்ன செய்தது, அவர் எதற்குப் பயப்படுகிறார் என்பதற்காக. இங்கே பணம் போனது ஒரு கவலை. திங்கட்கிழமை என்பது அதைவிட அவசரமான கவலை. எல்லாவற்றையும்விட ஆழமாகக் குத்தியிருப்பது கிளையில் கேட்ட கேள்வி. அவர் கடிதத்தை முடித்திருப்பது பணத்தைப் பற்றி அல்ல, தன் வார்த்தையைப் பற்றி. இதைக் கவனிக்காத பதில், பணத்தை உடனே திருப்பித் தந்தால்கூட அவரைச் சமாதானப்படுத்தாது.

அவரை நம்புவதற்கு நல்ல மனது மட்டும் போதாது, இயந்திரத்தைப் பற்றிய அறிவும் வேண்டும். ஏ.டி.எம். நோட்டுகளை எண்ணும்போது இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டாலோ, மடங்கிய நோட்டு சிக்கினாலோ, அவற்றை வெளியே தள்ளாமல் உள்ளேயே ஒரு தனிப் பெட்டியில் ஒதுக்கிவிடும். அதற்குள் கணக்கில் பணம் கழிந்து, குறுஞ்செய்தியும் போய்விட்டிருக்கும். எண்ணும் சத்தம் கேட்டது, பணம் வரவில்லை என்று அவர் எழுதியது அப்படியே இதற்குப் பொருந்துகிறது. இயந்திரம் தன் ஒவ்வொரு அசைவையும் பதிந்து வைக்கிறது. வங்கிக்காரர்கள் அதை ஈ.ஜே. என்பார்கள், எலக்ட்ரானிக் ஜர்னல். பணம் நிரப்பும் ஆட்கள் இருப்பை எண்ணும்போது, கணக்கைவிட 10,000 ரூபாய் கூடுதலாக இருந்தால் அவர் சொன்னது உறுதியாகிவிடும்.

இது தெரிந்தவர், 'நல்லாப் பாத்தீங்களா' என்று கேட்க மாட்டார். 'எண்ணும் சத்தம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதன் பிறகு திரையில் ஏதாவது வந்ததா? ரசீது வந்ததா?' என்று கேட்பார். முதல் கேள்வி அந்த அம்மாவைச் சோதிக்கிறது. அடுத்தவை இயந்திரத்தைச் சோதிக்கின்றன.

இனி விதி. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தொகை தானாகக் கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. அதையும் வாடிக்கையாளர் கேட்டு வாங்க வேண்டியதில்லை, வங்கி தானாகவே வரவு வைக்க வேண்டும். ஆக, வெள்ளிக்கிழமை போன பணத்துக்குக் கெடு புதன்கிழமை. 'விரைவில்' என்று எழுதும் இடத்தில் 'புதன்கிழமை' என்று எழுத முடியும்போது, 'விரைவில்' என்று எழுதுவது அந்த அம்மாவை இருட்டில் நிறுத்துவது.

வகுப்பில் நாங்கள் சேர்ந்து எழுதிய பதிலை இங்கே தருகிறேன்.

"வணக்கம் அம்மா. வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஸ்டாண்டு அருகே உள்ள ஏ.டி.எம்.மில் பணம் எண்ணும் சத்தம் கேட்டும் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் 10,000 ரூபாய் கழிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இயந்திரத்துக்குள் நோட்டு சிக்கினால் இப்படி நடப்பதுண்டு. நீங்கள் சொன்னதை அப்படியே புகாரில் பதிந்திருக்கிறேன். கிளையில் உங்களிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

"அந்த இயந்திரம் வேறொரு வங்கியுடையது. அதன் பதிவைச் சரிபார்க்கும்படி இன்று அவர்களுக்கு அனுப்பிவிட்டோம். ரிசர்வ் வங்கி விதிப்படி புதன்கிழமைக்குள் பணம் உங்கள் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்து வரும், நீங்கள் தனியாகக் கேட்க வேண்டாம்.

"திங்கட்கிழமைக்குள் பணம் வந்துவிடும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பணம் கழிந்ததைக் காட்டும் கணக்கு விவரத்தையும் புகார் எண்ணையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மகளின் ஹாஸ்டலில் இதைக் காட்டி இரண்டு மூன்று நாள் அவகாசம் கேட்டுப் பாருங்கள். வியாழக்கிழமை காலை நானே உங்களை அழைக்கிறேன்."

'வருந்துகிறோம்' இதில் எங்கும் இல்லை. மன்னிப்பு ஒரே ஒரு இடத்தில், குறிப்பிட்ட ஒரு செயலுக்காகக் கேட்கப்படுகிறது. 'உங்கள் நிலைமை எங்களுக்குப் புரிகிறது' என்ற வாக்கியமும் இல்லை. மகளின் ஹாஸ்டலை எழுதியதிலேயே அது தெரிந்துவிடுகிறது.

வகுப்பில் அதிகம் விவாதம் வந்தது திங்கட்கிழமை பற்றிய வாக்கியத்துக்குத்தான். "அதை எதுக்கு சார் நாமளே எடுத்துச் சொல்லணும்? அவங்களுக்கு இன்னும் கோவம் வருமே" என்று ஒருவர் கேட்டார். வரலாம். ஆனால் அது சனிக்கிழமை தெரிந்தால், கைமாற்று வாங்கவோ, ஹாஸ்டலில் பேசவோ அவருக்கு ஒன்றரை நாள் இருக்கிறது. திங்கட்கிழமை சாயங்காலம் தெரிந்தால் எதுவும் இல்லை. நம்மால் முடியாததை முன்கூட்டியே சொல்வதும் அவருக்குச் செய்யும் உதவிதான். அவரைக் குளிர்விக்க, 'எப்படியும் திங்கட்கிழமைக்குள் போட்டுவிடுவார்கள்' என்று சொல்லிவிடும் ஊழியர்களும் இருக்கிறார்கள். அன்பால் சொல்வதாகத்தான் நினைக்கிறார்கள். பொய்த்துப்போகும் அந்த வாக்குறுதி மனப்பாட வாக்கியத்தைவிட மோசமானது. அதை நம்பி அவர் வேறு வழி தேடாமல் இருந்துவிடுவார்.

இதைவிடக் கடினமான கட்டம் ஒன்று உண்டு. ஈ.ஜே. பதிவில் 'பணம் வழங்கப்பட்டது' என்று இருக்கிறது, இருப்பிலும் கூடுதல் இல்லை என்று அந்த வங்கி பதில் அனுப்புகிறது. அப்போது 'பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்துள்ளதால் தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது' என்ற ஒற்றை வரி போகும். அவர் அதை, 'நீ பொய் சொல்கிறாய்' என்றுதான் படிப்பார்.

இந்த இடத்தில் மென்மையான வார்த்தைகளைத் தேடிப் பயனில்லை. என்ன பார்த்தோம், அது என்ன காட்டியது என்பதை அவருக்குப் புரியும்படி எழுத வேண்டும். இயந்திரப் பதிவையும் இருப்புக் கணக்கையும் பார்த்தோம், இரண்டும் பணம் வெளியே வந்ததாகக் காட்டுகின்றன என்று சொல்லலாம். 'நீங்கள் எடுத்தீர்கள்' என்று சொல்லக் கூடாது, ஏனென்றால் அந்தப் பதிவு அதைச் சொல்லவில்லை. பணம் வெளியே வந்ததா என்பதுதான் இயந்திரத்துக்குத் தெரியும், யார் கை எடுத்தது என்பது தெரியாது. அதைப் பார்க்கக் கேமரா பதிவு வேண்டும். அந்தப் பதிவை நிரந்தரமாக வைத்திருக்க மாட்டார்கள் என்பதால், அவர் கேட்கும்வரை காத்திராமல் அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி நாமே எழுதிவிட வேண்டும்.

எங்கள் பதிலில் திருப்தி இல்லையென்றாலும், 30 நாளுக்குள் பதிலே வரவில்லையென்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நமக்கு எதிரான வழியை நாமே காட்டுவதா என்று மேலதிகாரிகள் தயங்குவார்கள். 'இல்லை' என்று சொல்லும் கடிதத்தில் அவரை இன்னும் மதிக்கிறோம் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக வியாழக்கிழமை. அழைக்கிறேன் என்று எழுதியவரே அழைக்க வேண்டும், அன்று அவருக்கு விடுப்பு என்றால் பொறுப்பை வேறொருவர் பெயருக்கு மாற்றிவிட்டுப் போக வேண்டும். பணம் வராவிட்டாலும் அழைக்க வேண்டும். புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று பலர் அழைப்பைத் தள்ளிப்போடுவது அப்போதுதான். "அம்மா, பணம் இன்னும் வரல. நேத்தோட கெடு முடிஞ்சிருச்சு. இன்னைக்குக் காலையில மறுபடியும் அந்த பேங்க்ல கேட்டிருக்கேன். ஹாஸ்டல்ல டைம் குடுத்தாங்களா?" என்று கேட்க அரை நிமிடம் போதும். சனிக்கிழமை பணம் வந்தால், கெடு தாண்டி மூன்று நாள் ஆகியிருக்கும். 10,000 ரூபாயுடன் 300 ரூபாயும் ஏறியிருக்கிறதா என்று கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால், அவர் அழைப்பதற்கு முன்பே அந்த 300 ரூபாய்க்கு நாமே புகாரைப் பதிய வேண்டும்.